நெல்லில் மஞ்சளும் பழுப்பும்: சத்துக் குறையை நோயிலிருந்தும் நீர்க்குறையிலிருந்தும் பிரித்தறிதல்

நெற்பயிரைத் தாக்கும் காரணங்கள் பலவாயினும், அவற்றுக்குப் பயிர் காட்டும் அறிகுறிகள் மிகச் சிலவே. இலை வெளிறுகிறது, மஞ்சளாகிறது, துருப்பிடித்தாற்போலப் பழுக்கிறது, நுனியிலிருந்து காய்கிறது. பயிர் குட்டையாகிறது, தூர் கட்டுவது குறைகிறது. மண்ணில் ஒரு சத்து குறைந்தாலும், வைரஸ் நுழைந்தாலும், வேருக்கு நீர் எட்டாவிட்டாலும், எட்ட வேண்டிய அளவுக்கு மேல் நீர் தேங்கினாலும், வரப்பில் நின்று பார்ப்பவருக்குத் தெரிவது பெரும்பாலும் இவற்றில் ஒன்றோ இரண்டோதான். ஆகவே இலையின் நிறத்தை மட்டும் பார்த்து மருந்தோ உரமோ முடிவு செய்யும் பழக்கம் அடிக்கடி தவறிப்போகிறது. அதனால் வீணாகும் பணத்தைவிட, பயிர் தூர் கட்டும் பருவத்தில் வீணாகும் இரண்டு வாரமே பெரிய இழப்பாகிறது.

இந்தக் குழப்பம் உழவருக்கு மட்டும் உரியதன்று என்பதை நெல் ஆராய்ச்சியின் வரலாறே காட்டுகிறது. இமயமலை அடிவாரத்துத் தராய்ப் பகுதியில், நடவு செய்த சில வாரங்களில் இலைகள் பழுப்பேறிப் பயிர் திட்டுத் திட்டாகத் தேங்கி நிற்கும் ‘கைரா’ என்னும் கோளாறு நோய் என்றே அழைக்கப்பட்டு வந்தது. பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தின் நோயியல் அறிஞர் ஒய். எல். நேனே, அதற்குக் காரணம் பூஞ்சையோ பாக்டீரியாவோ அன்று, துத்தநாகப் பற்றாக்குறையே என்று 1966இல் எடுத்துக்காட்டினார். அவர் காட்டிய தீர்வு பூஞ்சைக்கொல்லி அன்று. துத்தநாக சல்பேட்டும் நீற்றிய சுண்ணாம்பும் கலந்த எளிய தெளிப்பு. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் தென்கிழக்கு ஆசியாவில் இதற்கு நேர்மாறான திருத்தம் நிகழ்ந்தது. ஜாவாவில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே அறியப்பட்ட ‘மென்டெக்’, மலாயாவில் அறியப்பட்ட ‘பென்யாகிட் மேரா’ என்னும் இரு கோளாறுகளும் மண்ணின் குறையால் விளைவன என்று நெடுங்காலம் கருதப்பட்டன. பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் வைரஸே துங்ரோ நோய்க்குக் காரணம் என்று 1960களின் நடுவில் பிலிப்பைன்ஸில் நிறுவப்பட்ட பின்னரே, அவ்விரண்டும் துங்ரோவின் வடிவங்கள் என்பது தெளிவாயிற்று. நோய் எனப்பட்டது சத்துக்குறையாகவும், சத்துக்குறை எனப்பட்டது நோயாகவும் மாறிய இந்த இரு பிழைகளும் ஒரே பயிரில், ஒரே நிற மாற்றத்தை முன்வைத்து நேர்ந்தவை. துத்தநாகக் குறையும் துங்ரோவும் இன்றும் வயலில் ஒன்றாக எண்ணப்படுவதால், அவற்றைப் பிரித்தறியும் வழியை மையமாகக் கொண்டு இக்கேள்வியை ஆராய்வது பொருத்தமாகும்.

சத்துக்குறையை அறிவதற்குரிய முதல் விதி, அறிகுறி எந்த இலையில் தோன்றுகிறது என்பதைப் பார்ப்பதாகும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம்பெயரக்கூடியவை; அவை குறையும்போது செடி தன் முதிய இலைகளிலிருந்து அவற்றை எடுத்து இளங்குருத்துக்கு அனுப்புவதால், வெளிறலும் காய்தலும் அடி இலைகளில் தொடங்குகின்றன. இரும்பு, சுண்ணாம்புச்சத்து, போரான் ஆகியவை ஒருமுறை ஓர் இலையில் சேர்ந்தபின் எளிதில் நகர்வதில்லை. ஆகவே அவை குறைந்தால் அடி இலைகள் பச்சையாகவே இருக்க, புதிதாக விரியும் இலைகள் வெளிறுகின்றன. கந்தகம் பெரிதும் இந்த இரண்டாம் வகையைச் சார்ந்ததாதலால், இளம் இலை மஞ்சளாகத் தொடங்கும் பயிரைத் தழைச்சத்துக் குறை என்று எண்ணி யூரியா இடுவதில் பயன் கிட்டுவதில்லை. துத்தநாகம் இவ்விரு வகைகளுக்கும் நடுவில் நிற்பது. அது ஓரளவே நகர்வதால் இளம் இலையின் அடிப்பகுதியிலும் முதிய இலையின் பரப்பிலும் ஒரே நேரத்தில் அறிகுறி தோன்றுகிறது. இந்த இரட்டைத் தன்மையே அதை நோய் என்று எண்ண வைக்கிறது.

துத்தநாகக் குறையின் அறிகுறி நடவு செய்த இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் தெரியத் தொடங்கும். இளம் இலையின் அடிப்பக்கத்தில், நடுநரம்பும் அதை ஒட்டிய பகுதியும் முதலில் வெளிறிப்போகின்றன. நுனி பச்சையாகவே இருக்கும். பின்னர் அடி இலைகளில் சிறு பழுப்புப் புள்ளிகள் தோன்றி, ஒன்றோடொன்று சேர்ந்து, துருவின் நிறத்தில் பட்டைகளாகின்றன. இலைகள் விறைப்பை இழந்து துவண்டு நீர்ப்பரப்பின்மேல் படிந்து கிடப்பதும், புதிய இலைகள் வழக்கத்தைவிடக் குறுகிக் காணப்படுவதும் இதனுடன் சேர்ந்து வரும். வயலில் பயிர் ஒரே சீராக இராமல் மேடும் பள்ளமுமாகத் தெரியும். நீர் வடியாத பள்ளப் பகுதிகளும், நிலத்தைச் சமன்படுத்தியபோது மேல்மண் வெட்டி எடுக்கப்பட்டு அடிமண் வெளிப்பட்ட பகுதிகளும் முதலில் பாதிக்கப்படும். சுண்ணாம்பு மிகுந்த மண், களர் நிலம், பைகார்பனேட் மிகுந்த கிணற்று நீர் பாயும் நிலம் ஆகியவற்றில் இது மிகுதி. மண்ணில் துத்தநாகமே இல்லாததால் இவ்வாறு நிகழ்வதில்லை. இருக்கும் துத்தநாகம் வேருக்குக் கிட்டாத வடிவத்துக்கு மாறிவிடுவதே பெரும்பான்மையான காரணம். தொடர்ந்து நீர் தேங்கும் மண்ணில் பைகார்பனேட் பெருகுவதாலும், காற்றில்லாத நிலையில் உண்டாகும் சல்பைடு துத்தநாகத்தைப் பிணைத்துக்கொள்வதாலும் வேர் அதை உறிஞ்ச முடியாமற் போகிறது. மணிச்சத்து உரத்தை அளவுக்கு மீறி இடுவதும் இந்நிலையை மேலும் கடுமையாக்கும்.

துங்ரோவிலும் பயிர் குட்டையாகிறது, இலை நிறம் மாறுகிறது, வயல் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. ஆனால் நிறம் மாறும் திசை வேறு. துங்ரோவில் மஞ்சளோ ஆரஞ்சு நிறமோ இலையின் நுனியில் தொடங்கி அடியை நோக்கி இறங்குகிறது. துத்தநாகக் குறையில் வெளிறல் இளம் இலையின் அடியில் தொடங்குகிறது. இளம் இலையை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தால் துங்ரோவில் நரம்புகளுக்கு இணையாக வெளிர்பச்சைக் கோடுகளோ திட்டுகளோ தெரிவதுண்டு. முதிய இலைகளில் துருப்போன்ற புள்ளிகள் துங்ரோவிலும் வரக்கூடுமாதலால், புள்ளியை மட்டும் வைத்து முடிவு செய்வது பிழையாகும். வயலில் அமைந்திருக்கும் பாங்கும் உதவும்: துத்தநாகக் குறைத் திட்டின் எல்லை மண்ணின் எல்லையோடும் நீர் தேங்கும் எல்லையோடும் பொருந்தி, அந்தத் திட்டுக்குள் ஏறத்தாழ எல்லாக் குத்துகளும் ஒரே அளவில் பாதிக்கப்பட்டிருக்கும். துங்ரோவின் தொடக்கத்திலோ, நலமான குத்துகளுக்கு நடுவே தனித்தனிக் குத்துகள் மஞ்சளாகி நிற்கும்; பின்னர் அவற்றைச் சுற்றித் திட்டு விரியும். பக்கத்துக் குத்து பச்சையாக நிற்க, அதே மண்ணில் ஒரு குத்து மட்டும் ஆரஞ்சு நிறமாவதை மண்ணின் குறையால் விளக்க முடியாது.

இதனுடன் பூச்சியையும் தேட வேண்டும். குத்தின் அடியைத் தட்டினால் தத்திப் பறக்கும் பச்சைத் தத்துப்பூச்சி, இறக்கையின் நுனியில் கருமை படிந்து, ஆப்பு வடிவில் இருக்கும். துங்ரோ வழக்கமாக வரும் பகுதிகளில் குத்துக்கு இரண்டு பூச்சி என்ற அளவே நடவடிக்கைக்குரிய எல்லையாகக் கொள்ளப்படுகிறது. வயலிலேயே செய்யத்தக்க மற்றொரு சோதனை அயோடின் சோதனையாகும். காலை 6 மணிக்கு முன் ஐயத்துக்குரிய இலைகளின் நுனிப்பகுதியை 10 சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டி எடுத்து, 100 மில்லிலிட்டர் நீரில் 2 கிராம் அயோடினும் 6 கிராம் பொட்டாசியம் அயோடைடும் கரைத்த கரைசலில் வெட்டுவாயை 15 நிமிடம் அமிழ்த்தி வைத்தால், துங்ரோ தாக்கிய இலையில் கருநீலக் கோடுகள் தோன்றும். நலமான இலையில் பகலில் சேர்ந்த மாவுப்பொருள் இரவில் வேறு உறுப்புகளுக்குச் சென்றுவிடும். துங்ரோ அந்தக் கடத்தலைத் தடுப்பதால் மாவு இலையிலேயே தங்கி அயோடினுடன் நீலமாகிறது. விடியற்காலையில் எடுக்க வேண்டும் என்னும் நிபந்தனை இதனால்தான். வெயில் ஏறியபின் எடுத்த எந்த இலையும் நீலமாகக்கூடும். மாவுப்பொருள் வேறு காரணத்தால் இலையில் தேங்கினாலும் நீலம் தோன்றுமாதலால், இச்சோதனையைத் தனிச்சான்றாகக் கொள்ளாமல், அதே வயலில் பச்சையாக நிற்கும் பயிரின் இலையையும் உடன் வைத்து ஒப்பிடுவதே முறை.

சாம்பல்சத்துக் குறையும் பாக்டீரியா இலைக்கருகலும் இதேபோல ஒன்றாக மயங்கும் மற்றோர் இணை. ஆனால் இவற்றைப் பிரிப்பது ஒப்பளவில் எளிது. சாம்பல்சத்துக் குறையில் அடி இலைகளின் நுனியும் இரு ஓரங்களும் ஏறத்தாழச் சமமாகப் பழுத்துக் காய்கின்றன. மேல் இலைகள் கரும்பச்சையாக நிற்கின்றன. பாக்டீரியாக் கருகலில் காய்ந்த பகுதிக்கும் பச்சைப் பகுதிக்கும் இடைப்பட்ட எல்லை அலைபோல நெளிந்து செல்லும். ஓர் ஓரம் காய்ந்து மறு ஓரம் பச்சையாக இருப்பதும் உண்டு. காற்றோடு கூடிய மழைக்குப் பின் திடீரெனப் பெருகும். கருகலும் பச்சையும் சந்திக்கும் இடத்தில் இலையை வெட்டி, கண்ணாடிக் குவளையில் உள்ள தெளிந்த நீரில் வெட்டுவாய் அமிழும்படி வைத்தால், நோயுற்ற இலையிலிருந்து பால்போன்ற இழை சில நிமிடங்களில் இறங்குவதைக் காணலாம். சத்துக்குறையால் காய்ந்த இலையிலிருந்து எதுவும் கசிவதில்லை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதன் தீங்கு பெரிது. கருகல் நோயைச் சத்துக்குறை என்று எண்ணி யூரியாவை மேலும் இட்டால் நோய் விரைந்து பரவும். செம்புள்ளி நோயோ இன்னும் நுணுக்கமானது. அது உண்மையில் பூஞ்சை நோயேயானாலும், சாம்பல்சத்தும் சிலிக்கானும் குறைந்த மெலிந்த மண்ணில்தான் கடுமையாகிறது. அங்கே நோயா, சத்துக்குறையா என்று கேட்பதே தவறு. இரண்டும் சேர்ந்ததே விடை.

நீர்க்குறையின் தனி அடையாளம், அது நாளின் பொழுதோடு மாறுவதாகும். நெல் இலையின் மேற்புறத்தில் நரம்புகளுக்கிடையே பெரிய நீர்ச்செல்கள் வரிசையாக உள்ளன. வேர் தரும் நீரைவிட இலை இழக்கும் நீர் மிகும்போது அவை சுருங்க, இலை நீளவாக்கில் குழல்போலச் சுருள்கிறது. நண்பகலில் சுருண்ட இலை மாலையில் விரிந்துகொண்டால் அது தொடக்கநிலை நீர்க்குறை. விடியற்காலையிலும் சுருண்டே இருந்தால் குறை முற்றிவிட்டது. சத்துக்குறையால் மஞ்சளான இலையோ, வைரஸ் தாக்கிய இலையோ இவ்வாறு நண்பகலில் சுருண்டு மாலையில் விரிவதில்லை. நீர்க்குறையில் இலை உடனே மஞ்சளாவதும் இல்லை. முதலில் பளபளப்பை இழந்து நீலம் கலந்த மங்கிய பச்சையாகிறது, அதன் பிறகே அடி இலைகள் நுனியிலிருந்து காய்கின்றன. ஆகவே ஐயத்துக்குரிய வயலை இரு முறை, உச்சிவெயிலிலும் மறுநாள் விடியலிலும், பார்ப்பது செலவில்லாத முதல் சோதனையாகும்.

எனினும் நீர்க்குறையும் சத்துக்குறையும் எப்போதும் தனித்தனியாக வருவதில்லை. இராமநாதபுரம் போன்ற மாவட்டங்களில் புழுதியில் விதைக்கப்படும் நெல்லில், மழை தவறி மண் காயும்போது புதிய இலைகள் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறி, கடுமையானால் முழு இலையும் வெண்மையாகிறது. இது பார்வைக்கு வறட்சிபோலத் தெரிந்தாலும் இலை அளவில் இரும்புக் குறையே. காற்றுப் புகும் மண்ணில் இரும்பு கரையாத வடிவில் இருக்கிறது. நீர் தேங்கிக் காற்றில்லா நிலை வந்தபின்னரே கரையும் வடிவமாகிறது. எனவே மழை பெய்து வயலில் நீர் நின்றால், மருந்தெதுவும் இன்றியே புதிய இலைகள் பச்சையாக வருவதுண்டு. துத்தநாகமோ இதற்கு நேர் எதிராக நடந்துகொள்கிறது: நீர் தேங்கத் தேங்கக் குறை கடுமையாகி, வயலை வடித்துச் சில நாள் காயவிட்டால் பயிர் தெளிகிறது. வெளிறிய நெல்லுக்கு நீர் பாய்ச்சுவது ஒரு வயலில் மருந்தாகவும் மறு வயலில் தீங்காகவும் அமைவது இதனால்தான். நீரின் அளவை மாற்றியபின் பயிர் எப்படி மாறுகிறது என்பதே கோளாறின் பெயரைச் சொல்லிவிடுகிறது.

இவற்றை ஒரு வயலில் பொருத்திப் பார்ப்பது தெளிவு தரும். களிமண் கலந்த தாளடி வயலொன்றில் நடவு முடிந்து 20ஆம் நாள், பள்ளமான ஒரு மூலையில் பயிர் பழுத்துத் தேங்கி நிற்பதாகக் கொள்ளலாம். நண்பகலில் இலைகள் சுருளவில்லை. வயலில் நீர் நிற்கிறது. ஆகவே நீர்க்குறை விலகுகிறது. திட்டுக்குள் எல்லாக் குத்துகளும் ஒருபோல் உள்ளன. பத்துக் குத்துகளைத் தட்டியதில் தத்துப்பூச்சி ஒன்றோ இரண்டோதான் பறக்கிறது. விடியற்காலையில் எடுத்த இலை அயோடினில் நீலமாகவில்லை. ஆகவே துங்ரோவுக்கு இடம் குறைவு. அடுத்து இரண்டு குத்துகளைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்க்க வேண்டும். வேர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசினால், பசுந்தாள் உரம் மட்காத நிலையில் நட்டதாலோ நீர் வடியாததாலோ உண்டான சல்பைடு நஞ்சே முதற்காரணம். அப்போது நீரை வடிப்பதே முதல் வேலை. வேர் வெண்மையாகவோ இளம்பழுப்பாகவோ இருந்து, இளம் இலையின் அடி நரம்பு வெளிறியிருந்தால், துத்தநாகக் குறை என்னும் ஊகம் வலுவாகிறது.

ஊகத்தை உறுதியாக்க, பாதிக்கப்பட்ட திட்டிலேயே ஒவ்வொன்றும் ஒரு சென்ட் அளவுள்ள மூன்று பகுதிகளைக் குச்சி நட்டுப் பிரிக்கலாம். ஒரு பகுதியில் எதுவும் தெளிக்கக் கூடாது. இரண்டாவதில் 2 லிட்டர் நீரில் 20 கிராம் யூரியா மட்டும் கரைத்துத் தெளிக்க வேண்டும். மூன்றாவதில் அதே அளவு யூரியாவுடன் 10 கிராம் துத்தநாக சல்பேட்டையும் சேர்த்துத் தெளிக்க வேண்டும். இது வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் 0.5 சதவீதத் துத்தநாக சல்பேட், 1 சதவீத யூரியா என்னும் கலவையேயாகும். நடுவில் உள்ள யூரியாப் பகுதியைப் பலர் விட்டுவிடுகின்றனர். அதை விட்டால் சோதனையே பயனற்றுப்போகும், ஏனெனில் யூரியா தெளித்த எந்த வெளிறிய பயிரும் சில நாள்களில் ஓரளவு பச்சையாகக்கூடும். அந்தப் பச்சையைத் துத்தநாகத்தின் பயன் என்று எண்ணிவிட நேரும். ஏழு முதல் பத்து நாள்களுக்குப் பின் பார்க்க வேண்டியது புதிதாக விரிந்த இலைகளை மட்டுமே. பழுத்த பழைய இலை எந்தத் தெளிப்பாலும் மீண்டும் பச்சையாவதில்லை. மூன்றாம் பகுதியின் புதிய இலைகள் மட்டும் அகன்று, அடிவரை பச்சையாக விரிந்து, புதுத் தூர்களும் கிளம்பினால் விடை கிடைத்துவிட்டது; முழு வயலுக்கும் அதே கலவையை அறிகுறி மறையும்வரை 15 நாள் இடைவெளியில் தெளிக்கலாம். இரண்டாம், மூன்றாம் பகுதிகள் ஒருபோல் தெளிந்தால் குறை தழைச்சத்தினுடையது. மூன்றுமே மாறாமல் மஞ்சள் மேலும் பரவினால் மீண்டும் நோயின் பக்கம் திரும்ப வேண்டும்.

மண் ஆய்வுக்கும் இதில் இடம் உண்டு. ஆனால் அதற்கு எல்லையும் உண்டு. மண்ணிலிருந்து துத்தநாகத்தைப் பிரித்தெடுக்கும் டிடிபிஏ முறை, லிண்ட்சேயும் நார்வெல்லும் 1978இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பின் உலகெங்கும் பரவியது. அம்முறையில் தமிழ்நாட்டு மண்ணுக்கு 1.2 பிபிஎம் என்பது, அதாவது பத்து இலட்சம் பங்கில் 1.2 பங்கு என்பது, குறைநிலையின் எல்லையாகக் கொள்ளப்படுகிறது. ஆயினும் ஆய்வகம் உலர்த்திய மண்ணை அளக்கிறது. நெல்லின் வேரோ சேற்றில் இருக்கிறது. சேற்றில் துத்தநாகம் எவ்வளவு பிணைந்துபோகும் என்பதை உலர்ந்த மண்ணின் அளவு முழுமையாகச் சொல்லிவிடாது. எல்லைக்கு மேல் அளவு காட்டிய வயலிலும் நீர் வடியாத மூலையில் குறை தோன்றுவது இதனாலேயே. தூர் கட்டும் பருவத்துப் பயிரின் துத்தநாக அளவு 20 பிபிஎம்முக்குக் கீழ் இருந்தால் குறை என்னும் ஊகம் வலுப்படும். எனினும் அறிக்கை கைக்கு வரும்போது அப்பருவம் கடந்திருக்கக்கூடும். எனவே இரு ஆய்வுகளும் நிற்கும் பயிரைவிட அடுத்த பயிருக்கே மிகுதியும் உதவுகின்றன.

பிரித்தறிதலுக்குப் பெருந்தடையாக இன்று இருப்பது, மஞ்சளைக் கண்டவுடன் பூச்சிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி, நுண்ணூட்டக் கலவை ஆகிய மூன்றையும் ஒரே தொட்டியில் கலந்து தெளிக்கும் வழக்கமாகும். பயிர் தெளிந்தாலும் எதனால் தெளிந்தது என்று தெரியாமற் போவதால், அடுத்த பருவத்திலும் அதே மூன்றையும் வாங்க நேர்கிறது. குறை துத்தநாகத்தினுடையது என்று குச்சி நட்ட சோதனையால் உறுதியாகியிருந்தால், அடுத்த நடவில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எக்டேருக்கு 25 கிலோ, அதாவது ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை, அதன் இரு மடங்கு எடையுள்ள உலர்ந்த மணலில் கலந்து, கடைசி உழவுக்கும் பரம்படிப்புக்கும் பின், நடவுக்குச் சற்று முன்பாகச் சேற்றின் மேற்பரப்பில் தூவுவது. சூப்பர் பாஸ்பேட்டுடனோ டிஏபியுடனோ அதைச் சேர்த்துக் கலக்கக் கூடாது. கலந்தால் இரண்டும் பிணைந்து துத்தநாகம் மீண்டும் வேருக்கு எட்டாத வடிவமாகிவிடும்.